குடித்து நினைவிழந்தவரை மல்லாக்கப் போடாதீர்கள்: ஒருக்களித்துப் படுக்கவைப்பது ஏன், எப்படி

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். நினைக்கிறவர் யாராக இருந்தாலும், அந்த நொடியில் நம்மைக் காப்பாற்றுவது இருமல்தான். ஒரு பருக்கையோ ஒரு சொட்டு ரசமோ மூச்சுக்குழலின் வாசலைத் தொட்டதும் குரல்வளை இறுக மூடிக்கொள்கிறது. நெஞ்சு குலுங்கி, உள்ளே நுழையப் பார்த்ததை வெளியே எறிகிறது.

அளவு மீறிக் குடித்து நினைவிழந்தவருக்கு இந்தக் காவல் இல்லை. வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கும்போதும் அவர் இருமாமல் கிடக்கலாம். அதே அறையில் படுத்திருப்பவர்களுக்குக்கூட எதுவும் கேட்காது. லெட் செப்பலின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹாம் 1980 செப்டம்பரில் ஒரே நாளில் சுமார் 40 அளவு வோட்கா குடித்துவிட்டு உறங்கப்போனார். தூக்கத்திலேயே வாந்தி மூச்சை அடைத்து இறந்தபோது அவருக்கு வயது 32. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தூக்கமாத்திரை மயக்கத்தில் இதே விதமாகத்தான் போனார். பெயர் தெரியாமல் இப்படிப் போகிறவர்கள் கல்யாண மண்டபத்து மாடி அறைகளிலும் விடுதிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இருக்கிறார்கள்.

ஒரு மாடி அறையையே எடுத்துக்கொள்வோம். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவரைக் குமார் என்று வைத்துக்கொள்வோம்; வயது 26, எடை 65 கிலோ. ஒன்பது மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் இரண்டு குவார்ட்டர் பிராந்தி உள்ளே போயிருக்கிறது, நடுவில் பரோட்டாவும் சிக்கனும். பதினொன்றேகாலுக்கு உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார். நண்பர்கள் அவரைத் தூக்கிப் பாயில் மல்லாக்கப் போட்டு, தலைக்கு இரண்டு தலையணை வைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, விளக்கை அணைத்தார்கள். “நன்றாகக் குறட்டை விடுகிறான், தூங்கட்டும்.” அத்தனையும் அன்பினால் செய்தது. மின்விசிறியைத் தவிர அத்தனையும் தவறு.

பாயில் கிடக்கும் உடம்புக்குள் என்ன நடக்கிறது

முதலில் கணக்கு. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லிலிட்டர். அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், எடையில் சுமார் 60 கிராம். குமார் குடித்தது 120 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்து முடிப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான். குளிக்கவைத்தாலும் காபி கொடுத்தாலும் அந்த வேகம் அதிகரிக்காது. அதாவது மறுநாள் மதியம்வரை அவர் உடம்பில் சரக்கு இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கடைசிக் கிளாஸில் இருந்தது முழுவதும் ரத்தத்துக்கு வந்துவிடவில்லை. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஏறிக்கொண்டே போகலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் நேரம் எடுக்கும். ஆகவே, விளக்கை அணைத்துவிட்டு நண்பர்கள் கீழே இறங்கிப்போகும் நேரத்தில் குமாரின் மயக்கம் தெளியத் தொடங்கவில்லை, இன்னும் ஆழமாகிக்கொண்டிருக்கிறது.

இப்போது தொண்டை. கழுத்தில் இரண்டு குழல்கள் இருக்கின்றன. முன்னால் மூச்சுக்குழல், அதன் பின்னால் உணவுக்குழல். இரண்டின் வாசலும் தொண்டையின் அடிப்பகுதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. விழித்திருப்பவருக்கு இது சிக்கல் இல்லை; விழுங்கும்போது மூச்சுவாசல் மூடிக்கொள்கிறது, தவறினால் இருமல் வருகிறது. மது இந்த ஏற்பாட்டை மூன்று இடங்களில் கெடுக்கிறது. இரைப்பையை எரிச்சலூட்டி வாந்தியைத் தூண்டுகிறது. இரைப்பைக்கும் உணவுக்குழலுக்கும் நடுவில் உள்ள தசை வளையத்தைத் தளரவிடுகிறது. இருமலையும் ஓங்கரிப்பையும் கிளப்பும் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது.

வாந்தி என்றதும் ஓங்கரிப்பும் சத்தமும்தான் நினைவுக்கு வரும். நினைவிழந்தவரிடம் பெரும்பாலும் அந்த ஆரவாரம் இருப்பதில்லை. எதுக்களிப்பதுபோல, வயிற்றில் இருப்பது சத்தமில்லாமல் மேலே ததும்பி வந்து தொண்டையில் நிற்கிறது. மல்லாந்து கிடக்கும் ஒருவரின் தொண்டை, பின்சுவர் தரையாகவும் மற்ற பக்கங்கள் கரையாகவும் இருக்கும் ஒரு கிண்ணம். வாய் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வழிந்தோட வழியில்லை. கிண்ணத்தில் மட்டம் உயர்ந்து மூச்சுக்குழலின் வாசலைத் தொடுகிறது. அவர் அடுத்த மூச்சை இழுக்கிறார், காற்றோடு அதுவும் போகிறது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் வாசலிலிருந்து நெஞ்சை நோக்கிக் கீழ்முகமாகச் சரிந்திருப்பதால், உள்ளே போனது திரும்பி வராது.

பரோட்டாத் துண்டாக இருந்தால் மூச்சை நேரடியாக அடைக்கிறது. வெறும் நீராக இருந்தாலும் ஆபத்துதான், ஏனென்றால் அதில் இரைப்பை அமிலம் இருக்கிறது. நுரையீரலின் மெல்லிய சவ்வை அது வேகவைத்துவிடும். 1946-இல் அமெரிக்க மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் இந்த அமிலக் காயத்தைப் பிரசவ மயக்கமருந்து பெற்ற பெண்களிடம் விவரித்தார். அறுவைச் சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது இந்தப் பயத்தால்தான். மாடி அறையில் குமார் இரண்டு தட்டு பரோட்டாவோடு மயங்கியிருக்கிறார்.

அந்தக் குறட்டையையும் பார்த்துவிடுவோம். தசைகள் தளர்ந்ததால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையைப் பாதி அடைத்திருக்கிறது. காற்று இடுக்கில் புகுந்து வரும் சத்தம் அது. எழுப்பினால் எழும் மனிதரின் குறட்டை வேறு. எழுப்பியும் எழாதவரின் குறட்டை மூச்சுப்பாதை குறுகிவிட்டது என்ற அறிவிப்பு. உயரமான தலையணை தாடையை நெஞ்சோடு சேர்த்து மடக்கி, அந்த இடுக்கை இன்னும் நெருக்குகிறது.

முதலில் பார்க்க வேண்டியது

விளக்கைப் போடுங்கள். காதருகே பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டு, இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்குங்கள். கண்ணைத் திறந்து ஒரு சொல்லாவது தெளிவாகப் பதில் சொன்னால் அது தூக்கம். அவரையும் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பதிலே இல்லை என்றாலோ, முனகிவிட்டு உடனே அமிழ்ந்துபோனாலோ அது தூக்கம் இல்லை. ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து மூச்சு. நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்து, மற்றக் கையின் விரல்களால் தாடை எலும்பை மேலே தூக்குங்கள். குறட்டை அப்போதே நின்று மூச்சு சீராவதைப் பலமுறை காணலாம். நாக்கு விலகிவிட்டது என்று பொருள். உங்கள் கன்னத்தை அவர் மூக்கருகே வைத்து, நெஞ்சைப் பார்த்தபடி 10 நொடி கவனியுங்கள். நெஞ்சு ஏறி இறங்க வேண்டும், காற்று கன்னத்தில் பட வேண்டும்.

மூச்சு இல்லையென்றாலோ, மீன் வாயைத் திறப்பதுபோல எப்போதாவது ஒருமுறை இழுத்தாலோ ஒருக்களித்து வைப்பது உதவாது. அது இதயம் நின்றதன் அடையாளமாக இருக்கலாம். மல்லாக்கவே வைத்து, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்குங்கள். இந்தக் கட்டுரை மூச்சு இருப்பவரைப் பற்றியது.

ஒருக்களித்து வைக்கும் முறை

குமார் மல்லாந்து கிடக்கிறார், மூச்சு இருக்கிறது. தலையணைகளை எடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள். பேன்ட் பையில் உள்ள சாவிக்கொத்து, கைப்பேசி இரண்டையும் எடுங்கள். புரட்டியதும் இடுப்பில் குத்தும். அவர் கால்களை நேராக நீட்டிவிட்டு, ஒரு பக்கமாக, அவர் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நேராக மண்டியிடுங்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால், இடப்பக்கமாகப் புரட்டுவது நல்லது: இரைப்பையின் பை போன்ற பகுதி இடதுபுறம் கீழே தங்கி, அதன் வாசல் மேலே இருக்கும். கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கம்தான். ஆனால் அவர் இடதுபுறம் சுவர் இருந்தால் வலப்பக்கம் புரட்டுங்கள். பக்கம் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

உங்கள் பக்கம் இருக்கும் கையை உடம்புக்குச் செங்குத்தாக விரித்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். டாட்டா காட்டக் கையைத் தூக்கியதுபோல இருக்கும். இந்தக் கை உடம்புக்கு அடியில் சிக்காமல் இருப்பதற்காக இது.

மறுபக்கத்துக் கையை நெஞ்சின் குறுக்கே இழுத்து, அதன் புறங்கை உங்கள் பக்கம் இருக்கும் அவர் கன்னத்தில் பதியும்படி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதீர்கள். புரளும்போது தலை தொங்கிக் கழுத்து முறுகாமல் இந்தக் கைதான் தாங்கப்போகிறது.

உங்கள் இன்னொரு கையால், மறுபக்கத்து முழங்காலுக்குச் சற்று மேலே பிடித்துக் காலை மடக்குங்கள், பாதம் தரையில் ஊன்றியிருக்கட்டும். இப்போது அந்த முழங்காலை உங்களை நோக்கி இழுங்கள். மடங்கிய கால் நெம்புகோலாக வேலை செய்யும். 45 கிலோ எடையுள்ள பெண் 80 கிலோ ஆளைப் புரட்டிவிடலாம். முதுகைப் பிடித்துத் தள்ள முயன்றுதான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

புரண்டதும் மேலே இருக்கும் காலின் இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கி முன்னால் ஊன்றியிருக்க வேண்டும். அது முட்டுக்கட்டை; அது இல்லாவிட்டால் அவர் மீண்டும் மல்லாந்துவிடுவார், அல்லது குப்புறக் கவிழ்ந்துவிடுவார். குப்புறக் கிடந்தால் மூக்கு பாயில் அழுந்தும், வயிறு நசுங்கும், முகத்தின் நிறம் நமக்குத் தெரியாது.

பெரும்பாலோர் விட்டுவிடுவது கடைசி வேலையை. தலையை மீண்டும் சற்றுப் பின்னால் சாய்த்து, கன்னத்துக்கு அடியிலுள்ள கையை அதற்கேற்பச் சரிசெய்து, வாயின் ஓரம் தரையை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். தொண்டையிலிருந்து வெளியேறும் வழியில் மிகத் தாழ்ந்த இடம் இப்போது அந்த வாய் ஓரம்தான். கிண்ணத்தைச் சாய்த்துவிட்டோம்; எதுக்களித்து வருவது தரையில் வழியும். நாக்கும் பின்னால் சரிவதற்குப் பதிலாக முன்னால், பக்கவாட்டில் தொங்குகிறது. இருமலின் வேலையை இப்போது புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

அவர் மல்லாந்து கிடக்கும்போதே வாந்தி வந்துவிட்டால் மேற்சொன்ன வரிசைக்கு நேரமில்லை. தலை, தோள், இடுப்பு மூன்றையும் சேர்த்து ஒரேயடியாகப் பக்கவாட்டில் புரட்டி, வாயைத் தாழ்த்துங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் துணி சுற்றிய விரலால் வழித்தெடுங்கள். தெரியாததைத் தேடி விரலை ஆழமாக விட்டால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். பல் இறுகினால் விரலும் போகும்.

அரைகுறையாகச் செய்வது

உடம்பை மல்லாக்கவே விட்டு முகத்தை மட்டும் ஒரு பக்கம் திருப்பி வைப்பது மிகவும் பரவலான தவறு. பார்க்கப் பாதுகாப்பாகத் தோன்றும். தொண்டையின் பின்சுவர் இன்னும் தரையாகத்தான் இருக்கிறது, கிண்ணம் சாயவில்லை. நாற்காலியில் உட்காரவைப்பதும் அப்படியே: தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு அடைபடும். இதைவிட மோசமானது, இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. வழியில் மூச்சு நின்றால் முன்னால் ஓட்டுபவருக்கும் தெரியாது, பின்னால் பிடித்திருப்பவருக்கும் தெரியாது.

மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், உப்பு நீர் எல்லாம் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவர் சிபாரிசு செய்வார். விழுங்கத் தெரியாத நிலையில் இருப்பவரின் வாயில் ஊற்றும் எதுவும் மூச்சுக்குழலைத் தேடிப் போகும். “வாந்தி எடுத்தால் தெளிந்துவிடும்” என்று தொண்டையில் விரல் விடுவது, நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அதையே வரவழைப்பது. தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து ஏற்கெனவே உடம்புச்சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. ஈரச்சட்டையைக் கழற்றிப் போர்வை போர்த்துவதுதான் சரி.

உட்கார்ந்து பார்ப்பது

ஒருக்களித்து வைத்தது வாந்திக்கு எதிரான ஏற்பாடு மட்டுமே. மூளையில் மூச்சை இயக்கும் பகுதியையே மது அடக்கிவிட்டால், எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் மூச்சு குறையும். ஆகவே ஒருவர் முழித்திருக்க வேண்டும். கையை அவர் வயிற்றின் மேல் வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே போனாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் 10 நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உடனே மீண்டும் 108-ஐ அழைத்துச் சொல்லுங்கள். நம் தோலில் நீலம் பாய்வது எளிதில் தெரியாது. கீழ் உதட்டை விலக்கி உள்பக்கத்தையும் ஈறையும், விரல் நகங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறமோ நீலமோ படர்ந்திருந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் மறுபக்கம் புரட்டிவிடுங்கள்; அடியில் அழுந்தும் கையில் ரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடாது.

“குடித்திருக்கிறான்” என்ற விடை கையில் இருப்பதால் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது என்பதும் ஓர் ஆபத்து. சரிவதற்கு முன் படியில் விழுந்தாரா? தலையில் வீக்கம், காதில் ரத்தம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது ஆகியவை மண்டைக்குள் ரத்தக்கசிவைக் காட்டலாம். விழுந்திருந்தால் கழுத்தையும் சந்தேகிக்க வேண்டும். புரட்டும்போது ஒருவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து உடம்போடு நேர்கோட்டில் வைத்திருக்கட்டும். ஆனால் வாந்தி வரும் நேரத்தில் கழுத்துக்குப் பயந்து மல்லாக்க விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால், மது ரத்தச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்கியிருக்கலாம். தூக்கமாத்திரை சேர்த்திருந்தால் மூச்சு அடங்குவது இன்னும் வேகமாக வரும். குடித்தது கள்ளச்சாராயம் என்றால் கதையே வேறு: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால், நினைவு தெளிந்த பிறகும் கண்ணையும் உயிரையும் பறிக்கும். அவரோடு சேர்ந்து குடித்த அத்தனை பேரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாடி அறைக்குத் திரும்புவோம். பதினொன்றரைக்கு ஒரு நண்பர் கைப்பேசி மின்னேற்றியை எடுக்க மேலே வந்து விளக்கைப் போடுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை, குறட்டை மட்டும். 108-க்கு அவர் சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: “26 வயது ஆள், எழுப்பினால் எழவில்லை, மூச்சு இருக்கிறது.” இதைச் சொல்லத் தயங்கி, பெண் வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று விடியும்வரை பொத்திவைப்பவர்கள் உண்டு. இவர் தயங்கவில்லை. புரட்டி வைக்கிறார். ஏழெட்டு நிமிடம் கழித்து, சத்தமே இல்லாமல், வாய் ஓரத்திலிருந்து பிராந்தி வாடையோடு பழுப்பு நீரும் பரோட்டாத் துணுக்குகளும் வழிந்து பாயில் பரவுகின்றன. குமார் இருமவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 12, சீராக இருக்கிறது.

ஆம்புலன்ஸ் ஊழியர் வந்ததும் கேட்பது: என்ன குடித்தார், எவ்வளவு, கடைசியாக எப்போது, மாத்திரை ஏதாவது உண்டா, விழுந்தாரா, வாந்தி எடுத்தாரா, அப்போது எந்த நிலையில் இருந்தார். இரண்டு குவார்ட்டர் என்றால் இரண்டு என்றே சொல்ல வேண்டும்; மரியாதைக்காக ஒன்று குறைத்தால் மருத்துவரின் கணக்கு தவறும். காலி பாட்டிலைக் கையோடு கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. ஸ்ட்ரெச்சரிலும் அவரை ஒருக்களித்தே ஏற்றுகிறார்கள்.

மறுநாள் மதியம் அவர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று சொன்ன பிறகும் இரண்டு மூன்று நாள் கவனம் வேண்டும். பாயில் வழிந்ததில் சிறிதளவு முன்பே உள்ளே போயிருந்தால், காய்ச்சல், விடாத இருமல், நாற்றமுள்ள சளி, மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு என்று அது மெல்லத் தலைகாட்டும். அப்போது பார்க்கும் மருத்துவரிடம், முந்தாநாள் நினைவில்லாமல் கிடந்தபோது வாந்தி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தோன்றும்.